சாப்பாட்டுக் கடையில் கரப்பான், எலி, இலையான்: மருந்துக்கு முன்னும் பின்னும்

சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துபவர்களிடம் பேசும்போது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "மருந்து அடித்தோம். அன்றிரவு கூட்டி அள்ளும் அளவுக்குக் கரப்பான் செத்தது. மூன்று கிழமை போகவில்லை, திரும்பவும் அதே கூட்டம்." இதைச் சொல்பவர்கள் அசட்டையானவர்கள் அல்லர். காசு செலவழித்துக் கடையைப் பூட்டி மருந்து அடித்தவர்கள். ஆனாலும் பயன் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதையும், அதற்குப் பதிலாக என்ன ஒழுங்கைக் கைக்கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. கூடவே, உணவு இருக்கும் இடத்தில் நஞ்சைக் கையாளும்போது எதில் கவனம் வேண்டும் என்பதையும் பார்ப்போம். ஏனெனில் கரப்பானால் ஒருவருக்கு வயிற்றோட்டம் வரலாம். கரப்பானுக்கு வைத்த நஞ்சு பிழையான இடத்துக்குப் போனால் உயிரே போகலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பஸ் நிலையத்துக்கு அருகில் ஆறு மேசை போட்ட கடை. முன்னால் வடை, ரோல்ஸ், பணிஸ் வைக்கும் கண்ணாடி அலுமாரி. சூடு ஆறாமல் இருக்க அதற்குள் ஒரு மின்குமிழ். பின்னால் குசினி, அதில் ஒரு காஸ் அடுப்பு, ஒரு விறகடுப்பு, ஒரு குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி. குசினிக்குப் பின்னால் அரிசியும் மாவும் வைக்கும் சிறிய அறை. கொல்லையில் குப்பைவாளியும் திறந்த கானும். நமது சிறு நகரங்களில் இப்படியான கடைகளே அதிகம்.

முதலில் பார்க்க வேண்டும்

மருந்துப் போத்தலைத் தேடுமுன் ஒரு இரவு ரோச் லைற்றைத் தேட வேண்டும். கடை பூட்டி, விளக்கணைத்து ஒரு மணித்தியாலம் கழித்து குசினிக்குள் மெதுவாகப் போய்ப் பாருங்கள். கரப்பான் சிவப்பு வெளிச்சத்தைச் சரியாக உணராது. எனவே ரோச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் கடுதாசியைக் கட்டிக்கொண்டு போனால் அது ஓடி ஒளியுமுன் எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொள்ளலாம்.

கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் கரப்பான் இருக்கும். ஒன்று பெரியது, செம்பழுப்பு நிறம், ஏறக்குறைய பெருவிரல் நீளம். இது கான், மலகூடக் குழி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றில் வாழ்ந்து இரவில் உள்ளே வரும். மற்றது சிறியது, மண்ணிறம், ஒன்றரைச் சதமீற்றருக்கு மேல் வளராது, தலைக்குப் பின்னால் இரண்டு கறுத்த கோடுகள் தெரியும். இது வெளியில் வாழ்வதில்லை. கடைக்குள்ளேயே பிறந்து கடைக்குள்ளேயே பெருகும். பெரியதைக் கண்டால் கானையும் குழாயையும் பாருங்கள். வாய்க்கால் துவாரத்துக்குக் கம்பிவலை போட்டு, குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தைச் சீமெந்தால் அடைத்தால் பாதி வேலை முடிந்தது. உண்மையான தொல்லை சிறியதுதான்.

சிறிய கரப்பானுக்கு வேண்டியவை சூடு, ஈரம், உடம்பை இரண்டு பக்கமும் உரசும் ஒடுங்கிய வெடிப்பு ஆகிய மூன்றுமே. ஒரு பென்சில் கனமுள்ள இடைவெளி அதற்கு அரண்மனை. எனவே குளிர்சாதனப் பெட்டியின் மோட்டர் இருக்கும் பின்பக்கம், அதன் கதவு ரப்பரின் மடிப்பு, குமிழ் எரியும் கண்ணாடி அலுமாரியின் மரச்சட்டப் பொருத்துகள், தொட்டியின் அடிப்பக்கம், மேசைப் பலகையின் கீழ்ப்புறம், சுவரோடு ஒட்டிய மின்பெட்டி ஆகியவற்றை முதலில் பாருங்கள். அரைத்த மிளகுத் தூளைத் தூவியதுபோலச் சிறு கறுப்புப் புள்ளிகள் திரண்டிருந்தால் அது அதன் எச்சம். அங்கேதான் குடியிருப்பு.

கண்ணால் பார்த்ததை எண்ணிக்கையாக்கவும் வேண்டும். பசை அட்டை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெறும் ஜாம் போத்தல் போதும். வாயின் உட்புறத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் பூசி, அடியில் கொஞ்சம் நனைத்த பாண் துண்டைப் போட்டு, அது ஏறிப் போவதற்காக வெளிப்புறத்தில் கடதாசி சுற்றி வைத்தால் உள்ளே விழுந்தது திரும்ப ஏறாது. நமது எடுத்துக்காட்டுக் கடையில் எட்டுப் போத்தல்களுக்கு இலக்கமிட்டு மூன்று இரவு வைத்ததாக வைத்துக்கொள்வோம். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் வைத்ததில் 23, கண்ணாடி அலுமாரியின் கீழ் 14, தொட்டியின் கீழ் 5, மற்ற ஐந்திலும் ஒன்றோ இரண்டோ அல்லது ஒன்றுமில்லை. கடை முழுவதும் கரப்பான் என்று முதலாளி நினைத்தார். உண்மையில் அது இரண்டு இடத்தில்தான் குடியிருக்கிறது. மற்ற இடங்களுக்கு உலாவப் போகிறது. மருந்து வேண்டியதும் அந்த இரண்டு இடத்திலேயே.

தெளிப்பது ஏன் பயன் தருவதில்லை

இந்தச் சிறிய கரப்பானின் பெண் தன் முட்டைக் கூட்டை உடம்பின் பின்னால் ஒட்டிக்கொண்டே திரியும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை வரை இருக்கும். பொரிப்பதற்குச் சற்று முன்புதான் அதைக் கீழே விடும். பொரித்த குஞ்சு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் தானும் முட்டையிடத் தயாராகும். தெளிக்கும் மருந்து முட்டைக் கூட்டினுள் புகுவதில்லை. முட்டை தாங்கிய பெண்ணோ இரை தேடி அதிகம் வெளியே வராமல் வெடிப்பினுள் பதுங்கியிருக்கும். ஆகவே தெளித்த இரவில் சாவது வெளியே நடமாடியவை. மிஞ்சிய கூடுகள் இரண்டு, மூன்று கிழமையில் பொரிக்கும்போது "திரும்பவும் வந்துவிட்டது" என்று நாம் சொல்கிறோம். அது எங்கும் போகவில்லை என்பதே உண்மை.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. கடைகளில் வாங்கும் தெளிமருந்துகள் பல கரப்பானைக் கொல்வதோடு விரட்டவும் செய்யும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் அடித்தால் அங்கிருந்தவை அரிசி அறைக்குக் குடிபெயரும். முன்பு ஒரு இடத்தில் இருந்த தொல்லை நாலு இடத்தில் பரவும். மேலும், ஒரே வகை மருந்தைப் பல வருடம் அடித்ததால் உலகின் பல பகுதிகளில் இந்தக் கரப்பான் அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது.

இரை மருந்து வைக்கும் முறை

தெளிப்பதற்குப் பதிலாக இன்று நல்ல பயன் தருவது ஜெல் வடிவிலுள்ள இரை மருந்து. ஊசிக் குழாய் போன்ற ஒன்றில் வரும். ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் முதலிய மருந்துகள் மிகக் குறைந்த அளவில் இனிப்பான பசையோடு கலக்கப்பட்டிருக்கும். கரப்பான் அதைத் தின்றுவிட்டுத் தன் வெடிப்புக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். வெளியே வராதவற்றையும் இது எட்டுவதற்குக் காரணம் இதுவே.

வைக்குமுன் இரவு வேலை ஒன்று உண்டு. மருந்து இரையாக வேண்டுமானால் வேறு இரை இருக்கக்கூடாது. அடுப்பின் பக்கவாட்டில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ் விழுந்த பாண் தூள், தொட்டியில் ஊற வைத்த கழுவாத பாத்திரம் ஆகியவை இருக்கும் கடையில் ஜெல்லைத் தின்ன அதற்கு அவசியமில்லை. எனவே குளிர்சாதனப் பெட்டியை இழுத்து, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு சுவரையும் நிலத்தையும் உரஞ்சிக் கழுவி, காய விடுங்கள். கழுவுவது முதலில், மருந்து பிறகு. மருந்து வைத்த பின் அந்த இடத்தைக் கழுவினால் வைத்ததும் போய்விடும்.

அதன்பின், மின்செருகியைக் கழற்றிவிட்டு, குடியிருப்பு என்று கண்ட இடங்களில் மட்டும் பச்சைப்பயறு அளவான துளிகளாக வையுங்கள். ஒரு பெரிய கட்டியைவிடப் பத்துச் சிறு துளிகள் மேலானவை. ஏனெனில் குஞ்சுகள் தூரம் போவதில்லை. நமது கடையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னும் அடியிலும் பத்துத் துளி, கண்ணாடி அலுமாரியின் அடிச்சட்டத்தில் வெளிப்புறமாக எட்டுத் துளி, தொட்டியின் கீழ் நாலு துளி போதும். எத்தனை துளி என்பதைக் குழாயின் பெயர்ப்பட்டி சொல்லும், அதை மீறாதீர்கள். உணவு படும் பலகையிலோ, அலுமாரியின் உட்தட்டிலோ, கொதிக்கும் அடுப்பின் மேலோ வைக்கக்கூடாது. உணவில் கலக்கும் ஆபத்து ஒருபுறம். சூட்டில் அது காய்ந்து கரப்பானுக்குப் பிடிக்காமற் போவது மறுபுறம்.

இனி மிக முக்கியமான விலக்கு: ஜெல் வைத்த இடத்துக்கு அருகில் எந்தத் தெளிமருந்தும் அடிக்கக்கூடாது. தெளிமருந்தின் வாடை பட்ட இரையைக் கரப்பான் தொடாது. ஜெல் வைத்த மறுநாள் ஒரு கரப்பான் தள்ளாடி வெளியே வருவதைக் கண்டு, வேலைக்கு நிற்கும் தம்பி ஒருவர் ஆர்வத்தில் தெளிபேணியை எடுத்து அடித்துவிடுவார். அத்தோடு இரண்டு கிழமை வேலை வீணாகும். கடையில் நிற்கும் எல்லோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டு கிழமை கழித்து அதே இடங்களில் அதே போத்தல்களை மூன்று இரவு வைத்துப் பாருங்கள். 23 இருந்த இடத்தில் 6 விழுந்தால் வேலை நடக்கிறது. தின்று முடிந்த துளிகளுக்குப் பதிலாகப் புதியவை வையுங்கள். நாலாம் கிழமையில் விழுபவை எல்லாம் சிறு குஞ்சுகளாக இருந்தால் பயப்படவேண்டாம். மிஞ்சிய கூடுகள் பொரித்திருக்கின்றன. அவற்றுக்காகவே மூன்றாம் முறை மருந்து வேண்டும். எட்டாம் கிழமையில் போத்தல்கள் வெறுமையாக இருந்தால் போதும். மாறாக, துளிகள் தொடப்படாமல் அப்படியே காய்ந்திருந்து போத்தலில் எண்ணிக்கையும் குறையாவிட்டால், ஒன்றில் இடம் பிழை, அல்லது பக்கத்தில் வேறு உணவு கிடக்கிறது, அல்லது அந்த இரையைக் கரப்பான் வெறுக்கிறது. ஜெல்லில் சேர்க்கும் இனிப்பையே வெறுக்கும் கரப்பான் இனங்களும் உருவாகியுள்ளன. அப்போது வேறு பெயர் உள்ள குழாயை வாங்கினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் வேறாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சிறிய கரப்பான் வெளியிலிருந்து நடந்து வருவதில்லை என்று சொன்னோம். அது சுமந்து கொண்டுவரப்படுகிறது. முட்டைத் தட்டு, சோடாப் பெட்டி, பாண் கொண்டுவரும் தட்டு, பால்மா வரும் அட்டைப்பெட்டி ஆகியவற்றின் மடிப்புகளில் ஒரே ஒரு முட்டை தாங்கிய பெண் வந்தால் போதும். எனவே அட்டைப்பெட்டிகளை வாசலில் வைத்தே பிரித்து, பொருளை மட்டும் உள்ளே எடுத்து, பெட்டியை அன்றே அகற்றுங்கள். அட்டைப்பெட்டியை அலுமாரித் தட்டில் விரிப்பாகப் போடும் பழக்கம் கரப்பானுக்குப் பாய் விரிப்பதற்குச் சமம்.

எலி: அடைத்தல், பிறகு பிடித்தல்

எலியின் நடமாட்டத்தைப் புழுக்கை சொல்லும். அரிசி மணியளவானால் சுண்டெலி. ஒரு சதமீற்றருக்கு மேற்பட்டால் பெரிய எலி. சுவரோரத்திலும் வளையிலும் கறுத்த எண்ணெய்க் கறை நீளமாகப் படிந்திருந்தால் அது அதன் வழமையான பாதை. சந்தேகமானால் இரவில் நிலத்தில் மெல்லியதாக மா தூவி வையுங்கள். காலையில் கால் அடையாளமும் வால் இழுத்த கோடும் எந்தத் துவாரத்திலிருந்து புறப்பட்டது என்று காட்டும்.

பென்சில் நுழையும் துவாரத்தால் சுண்டெலி நுழையும்; பெருவிரல் நுழையும் துவாரத்தால் எலிக்குஞ்சு நுழையும். துணியோ பலகையோ மண்ணோ கொண்டு அடைத்தால் ஒரு இரவில் கடித்துத் திறந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பித்தும்பைத் துவாரத்தில் இறுக்கித் திணித்து, அதன்மேல் சீமெந்து பூசுங்கள். கதவின் அடியில் இடைவெளி இருந்தால் தகரப் பட்டி ஒன்றை ஆணியடித்துச் சுண்டுவிரலும் நுழையாதபடி இறக்குங்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள திறப்புக்கு ஆறு மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலை வேண்டும். அரிசி, மாவுச் சாக்குகளைச் சுவரிலிருந்து ஒரு முழமும் நிலத்திலிருந்து ஒரு சாணும் விலக்கிப் பலகைமேல் அடுக்கினால் சாக்குக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்க்கலாம்.

உள்ளே அகப்பட்டதைப் பிடிக்க அடிபொறியே சிறந்தது. பெரும்பாலும் ஒரு பொறியை வைத்து ஒரு எலியைப் பிடித்ததும் மற்றவை பாடம் படித்துவிடுகின்றன. பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் விலகி நடக்கும். ஆகையால் எட்டுப் பத்துப் பொறிகளை ஒரே நாளில் சுவரோரமாக வைத்து, சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ கட்டி, விசையை ஏற்றாமல் மூன்று நாலு இரவு தின்னவிடுங்கள். இரை தின்னப்படுகிறது என்று கண்ட பிறகு எல்லாப் பொறிகளிலும் ஒரே இரவில் விசையேற்றுங்கள். பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை கட்டிய பக்கம் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். இரையை நூலால் கட்டாவிட்டால் விசை தட்டாமலே எடுத்துப் போகும். விசையேற்றிய பொறிகளை இரவில் மட்டும் வைத்து, காலையில் கடை திறக்குமுன் எடுத்துவிடுங்கள்.

கடைக்குள் எலிப்பாசாணம் வைக்கவே கூடாது. அதற்குக் காரணங்கள் உண்டு. இரத்தத்தை உறையவிடாமற் செய்யும் வகை நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. பல நாள் கழித்து முகட்டுக்குள்ளோ சுவர்ப் பொந்துக்குள்ளோ போய்ச் சாகும். அந்த நாற்றமும் அதில் பெருகும் இலையானும் எலியைவிடக் கெட்டவை. எலி நஞ்சுக் கட்டியைத் தின்னாமல் தூக்கிக்கொண்டுபோய் அரிசிச் சாக்கில் ஒளித்தும் வைக்கும். கறுப்புத் தூளாக வரும் சிங்க் பொஸ்பைட்டோ ஈரம் பட்டால் நச்சுவாயு விடும். அது வயலுக்கு உரியது, குசினிக்கு அல்ல. வெளிச்சுவருக்கு அப்பால் பாசாணம் வேண்டியிருந்தால் பூட்டிய பெட்டிக்குள், பயிற்சி பெற்றவரைக் கொண்டு வையுங்கள்.

புழுக்கையைத் தும்புத்தடியால் காய்ந்தபடி கூட்டாதீர்கள். தூசியோடு மூக்குக்குள் போகும். ஒரு பங்கு வெளுக்கும் திரவத்தை ஒன்பது பங்கு தண்ணீரில் கலந்து அதன்மேல் ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, கையுறை அணிந்து கடதாசியால் துடைத்தெடுத்துக் கட்டி எறியுங்கள். எலிக்காய்ச்சல் வயற்காரரின் நோய் என்று நினைப்பவர்கள் பலர். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்று பாத்திரம் கழுவுபவரின் கால் வெடிப்பாலும் அந்தக் கிருமி புகும். அந்த வேலையைச் செய்யும் அக்காவுக்கு ஒரு சோடி ரப்பர்ச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பது கடைக்காரரின் கடமை.

இலையான்: பத்து நாட் கணக்கு

நமது வெப்பத்தில் இலையான் முட்டையிட்டு, அது புழுவாகி, கூடாகி, மீண்டும் இலையானாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். பிரதேச சபை வண்டி கிழமைக்கு ஒருமுறைதான் குப்பை எடுக்கிறது என்றால், வாளிக்குள் இட்ட முட்டை வண்டி வருமுன் புழுவாகி வாளியைவிட்டு இறங்கிவிடும். வளர்ந்த புழு ஈரத்தைவிட்டு உலர்ந்த மண்ணைத் தேடிப் போய்க் கூடாகும். அதனால் வாளியை அகற்றி அது நின்ற இடத்து மண்ணை ஒரு கரண்டியால் கிளறிப் பாருங்கள். கபில நிறத்தில் சிறு நெல்மணி போன்ற கூடுகள் இருந்தால் உங்கள் இலையான் உங்கள் கொல்லையிலேயே பிறக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்து மீன் கடையையோ மாட்டுத் தொழுவத்தையோ பார்க்க வேண்டும்.

வழி எளிது. மீன் கழிவும் சோற்று மிச்சமும் இறுக்கமான மூடியுள்ள வாளியில் சேர வேண்டும். கழிவை நாள்தோறும் அகற்றவேண்டும். பன்றி வளர்ப்பவர் ஒருவர் தினமும் எடுத்துப்போக ஒழுங்கு செய்யலாம். இல்லாவிட்டால் குழியில் போட்டு அன்றன்றே மண் போட்டு மிதித்து இறுக்கலாம். வாளியை மண்ணில் வைக்காமல் சீமெந்துத் தளத்தில் வைத்து, கிழமைக்கு இருமுறை கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவிடுங்கள். கழிவை விட்டுவிட்டு இலையானுக்கு மருந்து அடிப்பது, குழாயைத் திறந்துவிட்டு நிலத்தைத் துடைப்பதைப் போன்றது. குசினி யன்னலுக்கு வலை அடித்து, கண்ணாடி அலுமாரியின் கதவை மூடிவைத்தால் மிச்சத்துக்கும் தடை. மின்னொளிப் பொறி வாங்குபவர்கள் அதை உணவு தயாரிக்கும் மேசைக்கு மேல் தொங்கவிட வேண்டாம். மின்னதிர்ச்சியில் செத்த இலையானின் துண்டுகள் உணவில் விழும். வாசலிலிருந்து தெரியும்படி வைத்தாலோ வெளியிலுள்ள இலையானையும் அது அழைத்துவரும்.

தொட்டிப் பக்கம் எழும் சிறு ஈக்கள் வேறு. அவை வாய்க்காலின் உட்சுவரில் படிந்த வழுவழுப்பான பாசியில் பெருகுகின்றன. இரவில் வாய்க்கால் துவாரத்தின்மேல் ஒட்டும் பட்டியைப் பசைப்பக்கம் கீழாக, காற்றுப் போக இடம்விட்டு ஒட்டுங்கள். காலையில் அதில் ஈக்கள் ஒட்டியிருந்தால் ஊற்று அதுவே. மருந்து ஊற்றிப் பயனில்லை. அது பாசியின் மேலால் வழிந்துபோகும். நீண்ட தூரிகையால் உரஞ்சிப் பாசியைக் கழற்றியபின் கொதிநீர் ஊற்றுங்கள்.

நஞ்சு நஞ்சுதான்

இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2013 ஆம் ஆண்டு யூலை மாதம் ஒரு கிராமப் பாடசாலையில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மொனோகுரோட்டபொஸ் என்ற பயிர்ப் பூச்சிகொல்லி கலந்திருந்தது. எண்ணெயை வைத்திருந்த பாத்திரம் முன்பு அந்த மருந்து இருந்த கொள்கலன் என்று விசாரணையில் தெரியவந்தது. யாரும் கொல்ல நினைக்கவில்லை. ஒரு வெறும் கொள்கலன் குசினிக்குள் வந்தது, அவ்வளவே.

நமது கிராமங்களில் கமக்காரர் வீடும் கடைக்காரர் வீடும் ஒன்றாகவே இருக்கும். மிளகாய்த் தோட்டத்துக்கு வாங்கிய மருந்தில் மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்து, கடையில் கரப்பான் தொல்லை கூடும்போது தண்ணீர் கலந்து அடிப்பவர்கள் உண்டு. இது எந்த அளவிலும் செய்யக்கூடாதது. பயிர் மருந்து வெயிலிலும் மழையிலும் சிதையும் என்ற கணக்கில் தயாரிக்கப்படுவது. கூரையின் கீழ், பலகையிலும் சட்டியிலும் அது நெடுநாள் தங்கும். சோடாப் போத்தலில் உள்ளதைத் தாகத்தோடு வரும் பிள்ளை எடுத்துக் குடித்தால் மீட்பது கடினம். அதேபோல் பெயர்ப்பட்டி இல்லாமல் சந்தையில் விற்கும் "கரப்பான் சோக்" கட்டியும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது; பிள்ளைகளுக்கோ அது பள்ளிக்கூடச் சோக்காகவே தெரியும்.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த மருந்தையே விற்கலாம். பெயர்ப்பட்டியில் பதிவு இலக்கம், மருந்தின் பெயர், பயன்படுத்தும் இடம், முதலுதவி ஆகியன இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். "வீட்டு உபயோகம்" என்று இல்லாததைக் கடைக்குள் கொண்டுவர வேண்டாம். சந்தேகம் இருந்தால் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். உணவுச் சட்டத்தின் கீழ் கடையைப் பார்வையிட வருபவர் அவரே. மருந்து அடித்த பின் அவரிடம் விளக்கம் சொல்வதைவிட அடிக்குமுன் கேட்பது இலகு.

மருந்து வந்த பேணியிலேயே இருக்கவேண்டும். பூட்டுள்ள பெட்டியில், குசினிக்கு வெளியே, உணவுப் பொருளுக்கு மேலல்லாத இடத்தில். அளக்கும் மூடியும் கையுறையும் அந்தப் பெட்டியைவிட்டு வேறெங்கும் போகக்கூடாது. கையாளும்போது வெற்றிலை, சிகரெட், தேநீர் எதுவும் கூடாது. முடிந்தபின் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். தெளிபேணிக்குள் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது. அடுப்பு எரியும்போதோ காஸ் சிலிண்டருக்கு அருகிலோ அடித்துத் தீக்காயமடைந்தவர்கள் உண்டு. வெறும் பேணியை அடுப்பில் போட்டால் வெடிக்கும். வெளுக்கும் திரவத்தை மலகூடம் கழுவும் அசிட்டோடு கலக்கவே கூடாது. குளோரின் வாயு எழுந்து சுவாசத்தை அடைக்கும்.

வெளியிலிருந்து ஆட்களை அழைத்து மருந்து அடிப்பித்தால், என்ன மருந்து, எவ்வளவு, எங்கே அடித்தீர்கள் என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். அடிக்குமுன் உணவு, பாத்திரம், பலகை எல்லாவற்றையும் அகற்றியோ மூடியோ வைக்கவேண்டும். அடித்தபின் யன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்டு, உணவு படும் இடங்கள் யாவற்றையும் சவர்க்காரத்தால் கழுவிய பிறகே அடுப்பு மூட்டலாம். மூடாமல் விடப்பட்ட உணவை நாய்க்கும் போடாமல் புதைத்துவிடுங்கள்.

ஒருவருக்கு நஞ்சு பட்டுவிட்டால்: உடுப்பைக் கழற்றி உடம்பைச் சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். குடித்திருந்தால் வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம்; எண்ணெய், இளநீர், புளிக்கரைசல் எதுவும் பருக்கவும் வேண்டாம். அதிகமாக வியர்த்தல், வாயில் எச்சில் ஒழுகல், வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை கடும் நஞ்சின் அடையாளங்கள். எலிப்பாசாணமானால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மருந்துப் பேணியையோ பெயர்ப்பட்டியையோ மறவாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன நஞ்சு என்று தெரிந்தால்தான் வைத்தியர் அதற்கேற்ற மாற்று மருந்தை உடனே தொடங்கலாம்.

ஒரு கொப்பியும் ஒரு ஒழுங்கும்

சொன்னவை யாவும் ஒரு நாளில் செய்து முடிப்பவை அல்ல. ஒரு பயிற்சிக் கொப்பியைக் குசினிக் கதவில் தொங்கவிட்டு, இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு இரவும்: அடுப்புப் பக்கத்தையும் மேசையின் கீழும் துடைத்தல், தொட்டியை வெறுமையாக்கி உலரவிடுதல், குப்பையை வெளியேற்றி வாளியை மூடுதல், வாய்க்கால் துவாரத்தின் வலையைப் பார்த்தல்.

ஒவ்வொரு கிழமையும்: குளிர்சாதனப் பெட்டியையும் கண்ணாடி அலுமாரியையும் இழுத்துப் பின்பக்கம் பார்த்தல் (இரை மருந்துத் துளியில் துணி படாமல்), வாய்க்காலை உரஞ்சுதல், வாளி நிற்கும் இடத்தில் இலையான் கூடு உண்டா என்று பார்த்தல், அரிசி அறையில் புழுக்கை தேடுதல்.

ஒவ்வொரு மாதமும்: எட்டுப் போத்தல்களையும் அதே எட்டு இடத்தில் மூன்று இரவு வைத்து, விழுந்ததை எண்ணித் திகதியோடு எழுதுதல், புதுத் துவாரங்களை அடைத்தல், மருந்துப் பெட்டியில் உள்ளவற்றைக் கணக்கெடுத்தல்.

மருந்து வைத்த நாளையும், மருந்தின் பெயரையும், வைத்தவரின் பெயரையும் அதே கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த எண்களை வரிசையாகப் பார்த்தால், எந்த மாதத்தில் எந்தப் போத்தலில் எண்ணிக்கை ஏறியது, அந்தக் கிழமையில் கடைக்குப் புதிதாக எந்தப் பொருள் வந்தது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அப்போது கடை முழுவதும் மருந்து அடிக்கத் தேவையில்லை. ஒரு முட்டைத் தட்டை வாசலில் நிறுத்தினாலே போதும்.